காவடி மயிலின் தோகை: ஆறு சர்வோவும் அடங்கிவிட்டன

இருபது தடவை விரித்து மூடியாயிற்று. ஒரு நடுக்கம் இல்லை, ஒரு ரீசெட் இல்லை. தைப்பூசக் காவடியில் உட்காரப்போகும் மயில் இது. தோகைக் கம்புகளை அசைக்க எம்ஜி996ஆர் சர்வோ மோட்டார் ஆறு, அவற்றுக்குப் பல்ஸ் கொடுக்க பிசிஏ9685 பலகை, மூளைக்கு ஆர்டுயினோ நானோ, எல்லாவற்றுக்கும் ஒரே 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரி.

போன வாரம் வரை பாதி விரிந்ததும் தோகை வெட்டிக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பியது. புரோகிராமில் தப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். `setup()`-இல் 13ஆம் பின் விளக்கை மூன்று முறை மினுக்கச் சொல்லுங்கள். தோகை நகரும்போது அது மினுக்கினால் நானோ ரீசெட் ஆகிறது என்று அர்த்தம். மல்டிமீட்டரை நம்பவேண்டாம். சில மில்லிசெகண்ட் வோல்டேஜ் சரிவு அதற்குத் தெரியாது, சமர்த்தாக 5.9 வோல்ட் என்றே காட்டும்.

கணக்கு எளிது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் கணத்தில் ஒரு எம்ஜி996ஆர் சுமார் 2.5 ஆம்பியர் இழுக்கும், ஓடும்போது 0.9 வரை. ஆறும் சேர்ந்து கிளம்பினால் 15. பேட்டரியின் வோல்டேஜைச் சர்வோவுக்கு இறக்கிக் கொடுக்கும் கன்வெர்ட்டரோ 5 ஆம்பியர்தான் தரும்.

கெப்பாசிட்டர் போட்டால் தீரும் என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் சண்டை இருக்கிறது. 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 5 ஆம்பியர் இழுத்தால், 0.5 வோல்ட் சரிவதற்குள் 100 மைக்ரோசெகண்ட்தான் தாங்கும். சர்வோ பக்கம் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதே கெப்பாசிட்டரை நானோவின் `VIN` பக்கம் வையுங்கள். பேட்டரிக்கும் அதற்கும் நடுவில் 1என்5819 டயோட் ஒன்று. பேட்டரி சரிந்தாலும் கெப்பாசிட்டரில் இருப்பதை டயோட் திரும்பிப் போக விடாது. நானோவும் பிசிஏ சிப்பும் சேர்ந்து 40 மில்லி ஆம்பியர் என்று வைத்தால், 1 வோல்ட் இறங்க 25 மில்லிசெகண்ட் ஆகும். ரீசெட் இங்கேதான் நின்றது.

நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. காரணம் கம்பி. பிரெட்போர்டுக்கு விற்கும் ஜம்பர் பெரும்பாலும் 28 கேஜ். போகவர 80 செ.மீ. என்றால் 0.17 ஓம். 5 ஆம்பியருக்கு 0.85 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். அதில் பாதி கிரவுண்டில். கிரவுண்ட் தூக்கினால் பல்ஸின் உயரம் சர்வோவுக்குக் குறைவாகத் தெரியும், உள்ளே நிலையைச் சொல்லும் பொட்டென்ஷியோமீட்டரின் அளவும் ஆடும். ஒரு சர்வோ நகரும்போது பக்கத்திலுள்ளது சிலிர்த்தால் முதலில் கிரவுண்டைப் பாருங்கள். தடித்த 18 கேஜுக்கு மாற்றியதும் அதே இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் கீழே வந்தது.

பிசிஏ பலகையின் மெல்லிய தடங்கள் வழியாக சர்வோவுக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். சிக்னல் மட்டும் அங்கிருந்து. சிவப்பும் கறுப்பும் தனி டெர்மினலிலிருந்து: கன்வெர்ட்டர் இரண்டு, ஆளுக்கு மூன்று சர்வோ. கிளம்புவது ஒன்று, ஓடுவது இரண்டு என்றால் 4.3 ஆம்பியர், 5-க்குள் அடங்கும். இரண்டு கன்வெர்ட்டரின் பிளஸ்ஸையும் சேர்த்துவிடாதீர்கள், ஒன்றே சுமை முழுக்கத் தாங்கிச் சூடாகும். கிரவுண்ட் எல்லாம் ஒரே புள்ளியில் சேரட்டும்.

பல்ஸ்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்க வைத்தேன். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட்; பிசிஏ அதை 4096 படியாகப் பிரிக்கிறது, ஒரு படி 4.88 மைக்ரோசெகண்ட்.

```
for (int i = 0; i < 6; i++) {
  uint16_t on = i * 600;
  pwm.setPWM(i, on, on + w[i]);
}
```

600 படி 2.9 மில்லிசெகண்ட், எனவே பல்ஸ்கள் மோதாது. அனலாக் சர்வோ பல்ஸ் முடிந்ததும்தான் மோட்டாரைத் தள்ளும். நின்ற நிலையில் தாங்கும்போது ஆறும் ஒரே கணத்தில் இழுக்காமல் இருக்க இது உதவும். பெரிய நகர்வில் பயனில்லை, அப்போது மோட்டார் 20 மில்லிசெகண்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குப் பல்ஸின் அகலமான `w[i]`-ஐ 20 மில்லிசெகண்டுக்கு இரண்டு படி என்று நகர்த்துகிறேன். 60 டிகிரிக்கு ஏறக்குறைய 1.4 நொடி. ஒவ்வொரு கம்பும் 80 மில்லிசெகண்ட் தள்ளிக் கிளம்புகிறது. பார்க்கவும் அதுதான் அழகு, நடுவிலிருந்து ஓரத்துக்கு அலை போல.

நடுநிலை ஏழெட்டு டிகிரி தள்ளி நின்றால் சர்வோவைத் திட்டாதீர்கள். சிப்பின் உள் ஆஸிலேட்டர் 25 மெகாஹெர்ட்ஸிலிருந்து சில சதவீதம் விலகும்; `setOscillatorFrequency()`-இல் சரிசெய்யலாம்.

மொரீஷியஸின் போர்ட் லூயியில் தேடினால் ஜம்பர் கட்டு கட்டாகக் கிடைக்கிறது, சிலிக்கான் உறை போட்ட 18 கேஜ் கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது வாரக்கணக்கில் வந்தது. இனி இறகு ஒட்டவேண்டும். அந்த எடையோடு கரண்ட் எவ்வளவு ஏறும் என்பதை அளக்காமல் பெட்டியை மூடப்போவதில்லை. ஜனவரி மழைக்கு அந்தப் பெட்டி ஒழுகக்கூடாது, அது தனிப் பாடு.