K மைனஸ்ல வந்துச்சு: E, G, K, ν நாலும் என்னை லேப் எக்ஸாம்ல மாட்டிவிட்ட கதை

மெட்டீரியல்ஸ் லேப் எக்ஸாம்ல எனக்கு வந்த கேள்வி ரொம்ப சாதாரணமானது. ஒரு ஸ்டீல் கம்பி, விட்டம் 20 மிமீ. அதை இழுத்து யங்ஸ் மாடுலஸ் E கண்டுபிடி, முறுக்கி ஷியர் மாடுலஸ் G கண்டுபிடி, அந்த ரெண்டையும் வச்சு பாய்சான் ரேஷியோ ν-ஐயும் பல்க் மாடுலஸ் K-ஐயும் கணக்கு போடு, அவ்ளோதான். நாலு ஃபார்முலாவும் தலைகீழா சொல்லுவேன்ங்கற தைரியத்துல உள்ள போனேன், வெளிய வரும்போது பேப்பர்ல K = −907 ஜிகாபாஸ்கல்னு எழுதி வச்சிருந்தேன், அந்த மைனஸை பாத்தும் கால்குலேட்டர்ல தான் ஏதோ தப்பா அழுத்திட்டோம்னு நினைச்சு ரெண்டு தடவை திரும்ப போட்டேன், ரெண்டு தடவையும் அதே மைனஸ்.

வைவால எக்ஸாமினர் பேப்பரை பாத்துட்டு ஒரே கேள்வி தான் கேட்டார். "ஏம்ப்பா, இந்த கம்பியை கடல் அடியில போட்டா சுருங்குமா, ஊதுமா?" சுருங்கும் சார்னேன். "உன் பேப்பர் ஊதும்னு சொல்லுதே"ன்னார்.

அப்போ தான் உறைச்சுது. K-ன்னா எல்லா பக்கமும் ஒரே மாதிரி அமுக்கினா கன அளவு எவ்ளோ குறையும்னு சொல்ற நம்பர், அது மைனஸ்னா அமுக்க அமுக்க பெருசாகுதுன்னு அர்த்தம், அப்படி ஒரு ஸ்டீல் கிடையாது. ν 0.5-ஐ தாண்டவே கூடாதுன்னு புக்ல இருக்கறதும் இதே விஷயம் தான், நான் அதை தனி ரூல்னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். என் பேப்பர்ல ν 0.537-னு இருந்துச்சு, அதை பாத்தவுடனேயே நின்னிருக்கணும், நான் தான் நிக்காம அதை அப்படியே K ஃபார்முலாக்குள்ள போட்டேன்.

எங்க தப்பாச்சுன்னு பாக்க என் ரீடிங்கை அப்படியே தரேன். இழுக்கற டெஸ்ட்ல 50 கிலோநியூட்டன் லோடுக்கு 200 மிமீ கேஜ் லெங்த்ல 0.159 மிமீ நீண்டுச்சு. ஏரியா 314.16 சதுர மிமீ, ஸ்ட்ரெஸ் 159.15 மெகாபாஸ்கல், ஸ்ட்ரெயின் 0.000795, ஆக E 200.2 ஜிகாபாஸ்கல். இதுல தப்பே இல்ல, ஏன்னா நீட்சியை கம்பி மேலயே மாட்டின எக்ஸ்டென்சோமீட்டர்ல எடுத்தேன். (மெஷின் கிராஸ்ஹெட் நகர்ந்த தூரத்தை எடுத்திருந்தா கிரிப், ஃப்ரேம் எல்லாம் வளைஞ்சதும் அதுலயே சேர்ந்து E ரொம்ப கம்மியா வந்திருக்கும், ν மைனஸ்ல போயிருக்கும். பக்கத்து டேபிள் பையனுக்கு அது தான் ஆச்சு.)

முறுக்கற டெஸ்ட்ல தான் வினை. முறுக்குற நீளம் 250 மிமீ, கம்பியோட போலார் மொமெண்ட் J வந்து 15708 மிமீ⁴. ரீடிங் இது:

```
T (N·m)    θ (°)
  50       1.02
 100       1.61
 150       2.21
 200       2.80
```

நான் கடைசி ரீடிங்கை மட்டும் எடுத்து G = TL/(Jθ)-ல போட்டேன், 2.80 டிகிரியை ரேடியனா மாத்தி தான் போட்டேன் (மாத்தாம போட்டா ν எழுபதுக்கு மேல வரும், அந்த தப்பு உடனே காட்டிக்குடுத்துடும்). G 65.1 ஜிகாபாஸ்கல்னு வந்துச்சு. ஸ்டீலுக்கு எழுபத்தஞ்சு எண்பது கிட்ட வரணுமேன்னு ஒரு நொடி தோணுச்சு, டைம் இல்லாததால விட்டுட்டேன்.

இப்போ டேபிளை இன்னொரு தடவை பாருங்க. ஒவ்வொரு 50 நியூட்டன் மீட்டருக்கும் கோணம் 0.59, 0.60, 0.59 டிகிரினு ஒரே சீரா ஏறுது, ஆனா முதல் 50-க்கு மட்டும் 1.02. அதாவது லோடு ஏத்த ஆரம்பிச்சப்போ கம்பி கிரிப்புக்குள்ள 0.43 டிகிரி வழுக்கி அப்புறம் தான் நல்லா பிடிச்சிருக்கு. கிராஃப் போட்டிருந்தா கோடு நேரா தான் இருந்திருக்கும், ஆரம்பப் புள்ளி வழியா மட்டும் போயிருக்காது. அந்த சரிவை எடுத்தா, 150 நியூட்டன் மீட்டருக்கு 1.78 டிகிரி, G = 76.8 ஜிகாபாஸ்கல். அப்புறம்

```
ν = E/(2G) − 1 = 0.303
K = E / (3(1 − 2ν)) = 169 GPa
```

அதனால இந்த எக்ஸ்பெரிமெண்ட் பண்றவங்க தனி ரீடிங்ல G எடுக்காதீங்க, கிராஃபோட சரிவுல எடுங்க. கிராஃப் ஷீட் குடுக்கலைன்னா கூட கடைசி ரீடிங்ல இருந்து முதல் ரீடிங்கை கழிச்சுட்டு போடுங்க, வழுக்கினது கழிஞ்சு போயிடும்.

இதோட முடிஞ்சிருந்தா இந்த போஸ்ட்டே எழுதியிருக்க மாட்டேன். ரூமுக்கு வந்து சும்மா 1.78-ஐ 1.8-னு ரவுண்ட் பண்ணி போட்டு பாத்தேன், அவ்ளோ தானே வித்தியாசம்னு. G 1 சதவீதம் தான் குறைஞ்சுது, 76.0. ஆனா ν 0.317 ஆயிடுச்சு, K 169-ல இருந்து 182-க்கு மேல தாவிடுச்சு! ஒரு சதவீதம் உள்ள போய் எட்டு சதவீதமா வெளிய வருது. ஏன்னு பாக்கணும்னா ν-ஐ நடுவுல இருந்து தூக்கிட்டு K-ஐ நேரா E, G-ல எழுதுங்க:

```
K = EG / (3(3G − E))
```

கீழ இருக்கற 3G − E-ஐ பாருங்க. 3G = 230.5, E = 200.2, கழிச்சா வெறும் 30.3. ரெண்டு பெரிய நம்பரை கழிச்சு ஒரு சின்ன நம்பர் எடுக்கறோம். G-ல 1 சதவீதம் தப்புன்னா 230-ல 2.3 போச்சு, அந்த 2.3 முழுசும் 30 மேல விழுது. என் மொதல் G-ல 3G 195 தான், E-ஐ விட கம்மி, அதான் மைனஸ். இதை பாத்த அப்புறம் தான் எனக்கு இந்த நாலு நம்பரோட உறவு நிஜமாவே புரிஞ்சுதுன்னு சொல்லலாம், அதுவரைக்கும் வெறும் ஃபார்முலா. தியரி பேப்பர் எழுதறவங்களுக்கும் இதுல இருந்து ஒண்ணு: நடுவுல வர்ற G-யையும் ν-ஐயும் ரவுண்ட் பண்ணவே பண்ணாதீங்க, கால்குலேட்டர் மெமரிலயே வச்சுட்டு கடைசி விடையை மட்டும் ரவுண்ட் பண்ணுங்க.

டெரிவேஷன் பத்தி ரெண்டு வார்த்தை, ஏன்னா பாதி பேர் மார்க் விடறது E = 2G(1+ν)-ல அந்த 2 எங்க இருந்து வருதுன்னு தெரியாம தான். ஒரு சதுரத்தை ஷியர் பண்ணினா ஒரு மூலைவிட்டம் நீளும், ஒண்ணு குறையும். நீள்ற மூலைவிட்டத்தோட ஸ்ட்ரெயினை ரெண்டு வழியில எழுதறோம். சதுரம் சாய்ஞ்ச கணக்குப்படி அது γ/2, அதாவது τ/(2G). அந்த 2 இங்க தான் பொறக்குது, சாய்வுல பாதி தான் மூலைவிட்டத்துக்கு போகுது. இன்னொரு வழியில பாத்தா அந்த மூலைவிட்டம் வழியா τ அளவு இழுவை, குறுக்கால அதே τ அளவு அமுக்கல், அமுக்கலும் ν மூலமா நீட்டத்தான் உதவுது, அதனால τ(1+ν)/E. ரெண்டும் ஒரே ஸ்ட்ரெயின், சமன்படுத்தினா முடிஞ்சுது. K-க்கு கனசதுரத்தை மூணு பக்கமும் இழுங்க, ஒவ்வொரு பக்கமும் σ(1−2ν)/E நீளும், மூணு பக்கம்னா மூணு மடங்கு, அதான் E = 3K(1−2ν).

எழுதினது சரியான்னு சந்தேகம் வந்தா ν = 1/3 போட்டு பாருங்க, K-யும் E-யும் சமமா வரணும். ν = 0 போட்டா G = E/2, K = E/3. பத்து செகண்ட் வேலை. ஸ்டீலுக்கு ν 1/3-க்கு கீழ, அதனால K எப்பவும் பிளஸ்லயும் E-ஐ விட கம்மியாவும் தான் இருக்கணும், நான் 182-னு எழுதியிருந்தா இந்த செக்ல மாட்டியிருக்காது, மைனஸ் தான் மாட்டியிருக்கும், அதையும் சொல்லிடறேன்.

அந்த எக்ஸாமினர் போகும்போது இன்னொண்ணும் கேட்டார், ரப்பருக்கு இதே மாதிரி பண்ணுவியான்னு. பண்ணவே முடியாது. ரப்பருக்கு E கிட்டத்தட்ட 3G, கழிச்சா மிச்சம் ஒண்ணுமே இல்ல. ν 0.4995-னா ஒரு K, 0.4999-னா அதை விட அஞ்சு மடங்கு K, அந்த நாலாவது தசமத்தை எந்த லேப் மெஷினும் உங்களுக்கு தராது. K-ஐ நேரா அமுக்கி தான் அளக்கணும். மரம், ஃபைபர் போட்ட பிளாஸ்டிக் மாதிரி திசைக்கு திசை மாறற பொருளுக்கும் இந்த ஃபார்முலா எதுவும் ஓடாது. ரெண்டு தெரிஞ்சா மீதி ரெண்டும் வந்துடும்ங்கறது எல்லா திசையிலும் ஒரே மாதிரி இருக்கற பொருளுக்கு மட்டும் தான்.

விட்டத்தையும் விட்டுடாதீங்க. E-க்கு d² தான், G-க்கு d⁴. 20 மிமீ கம்பியை வெர்னியர்ல 19.8-னு படிச்சா E 2 சதவீதம் ஏறும், G 4 சதவீதம் ஏறும், என் ரீடிங்குக்கு ν 0.303-ல இருந்து 0.277-க்கு இறங்கிடும். அதனால மைக்ரோமீட்டர் எடுத்து நாலஞ்சு இடத்துல, குறுக்கும் நெடுக்குமா அளந்து சராசரி போடுங்க. இந்த தலைவலியை 1859-லயே கிர்ச்சாஃப் அழகா தாண்டியிருக்கார். அவர் இழுக்கவே இல்ல, ஒரே கம்பியை வளைச்சும் முறுக்கியும் அளந்தார். வளைக்கறதுக்கும் d⁴, முறுக்கறதுக்கும் d⁴, E-ஐ G-ஆல வகுக்கும்போது விட்டம் கேன்சல் ஆயிடும். உங்க லேப்ல சாய்ஸ் குடுத்தா, ν கேட்ட கேள்விக்கு இழுவைக்கு பதிலா பெண்டிங் டெஸ்ட்டை எடுத்துக்கோங்க.