இரண்டு சொல் கமிட்டும் பதினொரு நாள் கணக்கும்

எங்கள் அலுவலகம் மதுரை கே.கே. நகரில் ஒரு வீட்டு மாடியில் இருக்கிறது. கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறோம். விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைகளும் கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடைகளும்தான் பெரும்பாலும் எங்கள் வாடிக்கையாளர்கள். போனில் அவர்களுக்குப் பதில் சொல்லும் வேலைக்குத்தான் நான் சேர்ந்தேன். கொஞ்ச நாளில், ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் ரிலீஸ் நோட்ஸ் எழுதும் வேலையும் என்னிடம் வந்தது.

தொடக்கத்தில் அது அரை மணி நேர வேலை. கோடில் ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும்போது டெவலப்பர்கள் எழுதி வைக்கும் கமிட் வரிகளை வரிசையாக எடுப்பேன். `add` என்று ஆரம்பித்தால் ‘புதியவை’, `fix` என்றால் ‘சரிசெய்தவை’. புரியாததையும் அற்பமாகத் தெரிவதையும் விட்டுவிடுவேன். அப்படி ஒரு முறை விட்ட வரி `fix typo`. எழுத்துப்பிழையைத் திருத்தியதை எந்தக் கடைக்காரர் படிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

அந்த எழுத்துப்பிழை இருந்தது பேக்கப் ஃபோல்டரின் பெயரில். பழைய பதிப்பு `D:\Bakup` என்ற ஃபோல்டரில் பேக்கப் எடுத்து வந்தது. அதைத்தான் ஒருவர் `D:\Backup` என்று திருத்தியிருந்தார். புதுப் பதிப்பு போட்ட நாளிலிருந்து பேக்கப் புது ஃபோல்டருக்குப் போனது. பழைய ஃபோல்டரும் பழைய ஃபைல்களோடு அங்கேயே இருந்தது. ஒரு மளிகை மொத்தக் கடையின் கணக்குப்பிள்ளை, தினமும் கடை சாத்தும்போது பழைய ஃபோல்டரை பென் டிரைவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். பதினொரு நாள் அதையே செய்தார். பன்னிரண்டாம் நாள் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.

பென் டிரைவில் இருந்தது பதினொரு நாளுக்கு முந்திய கணக்கு. பில் காப்பிகளை வைத்து மறுபடி ஏற்ற மூன்று ராத்திரி ஆனது. நானும் போய் உட்கார்ந்து ஏற்றினேன். அவர் ஒரு தடவைகூட சத்தம் போடவில்லை. “நீங்க அனுப்புன தாளை வாசிச்சேம்மா. அதுல பேக்கப் பத்தி ஒண்ணுமே இல்லையே” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கமிட்டை எழுதிய டெவலப்பர் தப்பாக எதுவும் எழுதவில்லை. அது எழுத்துப்பிழைதான், அதைத் திருத்தியும் இருந்தார். கமிட் வரி அடுத்து அந்தக் கோட் ஃபைலைத் திறக்கப் போகும் இன்னொரு டெவலப்பருக்காக எழுதப்படுகிறது. அதில் இருக்கும் வினைச்சொல் எழுதியவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லும். கடையில் என்ன மாறும் என்பது அதில் இருக்காது. அதனால் இப்போது தலைப்பைக் கமிட்டின் முதல் சொல்லை வைத்துப் பிரிப்பதில்லை. நாளைக் காலையில் கடை திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் கணக்குப்பிள்ளைக்கு என்ன வேறாகத் தெரியும், அவர் கை எதை வேறு மாதிரி செய்ய வேண்டும் என்று பார்த்துப் பிரிக்கிறேன்.

போன பதிப்பையே எடுத்துக்கொள்கிறேன். மொத்தம் 43 கமிட். அதில் எட்டு இவை:

```
git log --oneline --no-merges v3.1.0..HEAD

e41c9a2 fix round off
60fe2d1 fix crash empty batch
1f3be90 Revert "auto print after save"
3cc4e75 refactor bill save
77a1d0e batch col width
a8893c4 auto print after save
c5528fe add batch no in purchase
b91d084 bump pdf lib
```

முதலில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போவதை எடுத்துவிடுவேன். சேவ் செய்ததும் தானாகப் பிரிண்ட் ஆகும் வசதியை ஒருவர் சேர்த்தார், பிறகு அதையே திரும்ப எடுத்துவிட்டார்கள். கடைக்காரர் அதைப் பார்க்கவே இல்லை, அதனால் இரண்டு வரியும் போய்விடும். ஆனால் ஒன்றைப் பார்க்காமல் அடிக்கக் கூடாது. `Revert` கமிட்டைத் திறந்தால் உள்ளே எந்தக் கமிட்டைத் திரும்ப எடுத்தார்கள் என்று அதன் எண் இருக்கும். அந்த எண் இந்தப் பட்டியலிலேயே இருந்தால்தான் ஜோடி. போன பதிப்பிலேயே வெளியான வசதி என்றால், ஜனங்கள் அதைப் பழகியிருப்பார்கள். அப்போது அது ‘நீக்கியவை’ என்ற தலைப்பில் வந்தே ஆக வேண்டும்.

அடுத்து, கொள்முதல் திரையில் பேட்ச் எண். சேர்த்தது ஒரு கமிட், அந்த நெடுவரிசையின் அகலத்தைச் சரி செய்தது ஒன்று, பேட்ச் எண்ணைக் காலியாக விட்டால் கிராஷ் ஆனதைச் சரி செய்தது ஒன்று. மூன்றும் சேர்ந்து ‘புதியவை’யில் ஒரே வரி. மூன்றாவதை ‘சரிசெய்தவை’யில் போட கை துறுதுறுக்கும். போட்டால் என்ன ஆகும்? “எப்ப கிராஷ் ஆச்சு? எங்க டேட்டாவுக்கு எதுவும் ஆகிருச்சா?” என்று போன் வரும். கடைக்குப் போய்ச் சேராத பிழை அது. சந்தேகம் இருந்தால், பிழையை உண்டாக்கிய வரி எந்தக் கமிட்டில் வந்தது என்று `git blame` வைத்துப் பார்த்து, அந்த எண்ணைக் கொடுத்துக் கேட்பேன்:

```
git tag --contains c5528fe
```

எந்த டேக்கும் வராவிட்டால் அது எந்தப் பதிப்பிலும் வெளியாகவில்லை. `v3.1.0` என்று வந்தால் பிழை கடைகளில் இருந்திருக்கிறது, தனி வரி தேவை.

பி.டி.எஃப். லைப்ரரியைப் புதுப்பித்தது நோட்ஸில் வராது. பழையதில் பாதுகாப்பு ஓட்டை இருந்து அதற்காக மாற்றியிருந்தால் மட்டும் வரும்.

இனி `refactor bill save`. ரீஃபேக்டர் என்றால் வெளியே எதுவும் மாறாமல் உள்ளே ஒழுங்குபடுத்துவது. அப்படித்தான் சொல்வார்கள், பெரும்பாலும் உண்மையும் அதுதான். நான் கோட் எழுதுகிறவள் இல்லை. ஆனாலும் ஒன்று பார்க்கத் தெரியும். `git show --stat 3cc4e75` என்று போட்டால் எந்தெந்த ஃபைல் மாறியது என்று வரும். அதில் டெஸ்ட் ஃபைல் இருந்தால் திறந்துவிடுவேன். நடத்தை மாறவில்லை என்றால் டெஸ்ட் எதிர்பார்க்கும் விடை ஏன் மாற வேண்டும்?

```
-    assert next_bill_no() == 120
+    assert next_bill_no() == 119
```

இதை வைத்துக்கொண்டு அந்தக் கமிட்டை எழுதிய டெவலப்பர் தம்பியிடம் கேட்டேன். முன்பெல்லாம் புது பில் திரையைத் திறந்த உடனேயே எண் ஒதுக்கப்பட்டுவிடும். வாடிக்கையாளர் வேண்டாம் என்று போய்விட்டால் அந்த எண் வீண். 118க்கு அடுத்து 120 நிற்கும். ஜி.எஸ்.டி. விதிப்படி பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். 119 எங்கே என்று ஆடிட்டர் கேட்பார். இப்போது சேவ் செய்யும்போதுதான் எண் ஒதுக்குகிறார்கள், அதனால் இடைவெளி விழாது.

நல்ல திருத்தம்தான். ஆனால் சேவ் செய்யும் வரை பில் எண் பெட்டி காலியாக இருக்கும். சரக்கு மூட்டையில் ஒட்டும் சிட்டையில் முன்கூட்டியே எண்ணை எழுதுகிற கடைகள் உண்டு. அவர்களுக்கு நாளைக்குக் கை நின்றுவிடும். அதனால் இதை ‘மாற்றங்கள்’ என்ற தலைப்பில் வைத்தேன். தம்பிக்கு மனசு கேட்கவில்லை. “அக்கா, மாசக்கணக்கா வந்த கம்ப்ளைண்ட்டைச் சரி பண்ணியிருக்கேன், இது சரிசெய்தவையில வராதா?” என்றான். இரண்டு இடத்திலும் போட்டால் இரண்டு வேறு விஷயம் என்று படிக்கிறவர் நினைப்பார். ஆளை ஏதாவது செய்யச் சொல்லும் வரி இருந்தால் அது ‘மாற்றங்கள்’ தலைப்புக்குத்தான் போக வேண்டும். காரணத்தை அடுத்த வாக்கியத்தில் சொல்லலாம்.

கடைசியாக `fix round off`. இதற்குத்தான் அதிக நேரம் ஆனது. ஒரே பில்லில் 785 ரூபாய் சுங்குடிச் சேலை மூன்று, தனித்தனி வரியாக என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதில் பாதி மத்திய ஜி.எஸ்.டி., பாதி மாநில ஜி.எஸ்.டி. ஒரு சேலைக்கு 2.5 சதவீதம் 19.625 ரூபாய். பழைய பதிப்பு ஒவ்வொரு சேலைக்கும் இதை 19.63 என்று முழுதாக்கி மூன்றையும் கூட்டும், 58.89 வரும். புதுப் பதிப்பு 2,355க்கு மொத்தமாக 58.875 என்று கணக்கிட்டு ஒரே தடவை முழுதாக்கும், 58.88 வரும். ஒரு பைசா வித்தியாசம். பில்லின் இறுதித் தொகை இரண்டிலும் 2,473 ரூபாய்தான், சேலை வாங்குபவருக்கு ஒன்றும் தெரியாது. மாதம் முழுவதையும் கூட்டிப் பார்க்கிற கணக்குப்பிள்ளைக்குத் தெரியும்.

அவர் என்ன கேட்பார் என்று யோசித்தேன். போன மாதப் பில்லை இப்போது மறுபடி பிரிண்ட் எடுத்தால் எந்தத் தொகை வரும்? தம்பி ஓட்டிப் பார்த்தான். 58.88 வந்தது. ரீபிரிண்ட் எடுக்கும்போது வரியைப் புதிதாகக் கணக்கிடுகிறது. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டு முடித்த பில், காகிதத்தில் வேறு தொகை காட்டும். அன்று சாயங்காலமே, சேவ் செய்தபோது பதிந்த தொகையை அப்படியே அச்சிடும்படி மாற்றிவிட்டான். அது 44ஆவது கமிட். கடைக்குப் போகாத பிழை என்பதால் அதற்கும் தனி வரி கிடையாது.

தாளின் மேல் பகுதி இப்படி முடிந்தது:

> மாற்றங்கள்
> பில் எண் இனி சேவ் செய்த பிறகுதான் தெரியும். ரத்தான பில்லால் எண் வரிசையில் இடைவெளி விழாமல் இருக்க இந்த மாற்றம்.
> வரியை இனி பொருள்வாரியாக அல்லாமல் பில் மொத்தத்துக்குக் கணக்கிட்டு முழுதாக்குகிறோம். ஒரு பைசா, இரண்டு பைசா வேறுபடலாம். ஏற்கெனவே போட்ட பில்களின் தொகை மாறாது.
>
> புதியவை
> கொள்முதல் திரையில் பேட்ச் எண் பதியலாம்.

அதற்குக் கீழே ‘சரிசெய்தவை’. 44 கமிட்டில் அங்கே நின்றவை மூன்றே வரி. மற்றவர்கள் ‘புதியவை’யை மேலே வைப்பார்கள். நான் ‘மாற்றங்கள்’ தலைப்பைத்தான் முதலில் வைக்கிறேன். தாளில் பாதிக்கு மேல் யாரும் படிப்பதில்லை என்பது போனில் உட்கார்ந்த எனக்குத் தெரியும்.

தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பிய மறுநாள் காலை அதே மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். “பில் நம்பர் முன்னாடியே தெரியாதுன்னா சிட்டையில எதை எழுதுறதும்மா?” சேவ் செய்துவிட்டு அப்புறம் எழுதுங்கள் ஐயா என்றேன். “அப்ப பையன்கிட்ட சொல்லி வச்சுட்டு, ஞாயித்துக்கிழமை மாத்திக்கிறேன்” என்றார். அவர் இன்னும் புதுப் பதிப்பைப் போட்டிருக்கவில்லை.