ஒரே தலை, இரண்டு கோலம்: மயான காண்டத்து அரிச்சந்திரன்

பொம்மலாட்டத்துக்கு நான் செய்யும் அரிச்சந்திரன் பொம்மை ஒருவழியாகச் சரிவந்துவிட்டது. கிரீடத்தைக் கழற்றி, தலையில் கறுப்புத் துண்டு கட்டி, கையில் கோலைக் கொடுத்து முற்றத்தில் தூக்கிப் பிடித்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, "ராசாட முடி எங்க?" என்று கேட்டது. நான் காத்திருந்த கேள்வி அதுதான்.

நான் செய்வது தஞ்சாவூர் முறை: பொம்மையின் தலைக்கயிறு, ஆட்டுபவர் தன் தலையில் மாட்டும் வளையத்தில், கைகளுக்குக் கம்பி. கிரீடம் இல்லாமல் ஆளை அடையாளம் காட்டுவதுதான் சிக்கல்; இராமன் பொம்மை என்றால் அது இல்லை. காட்டுக்குப் போகையில் முடியை எடுத்துச் சடாமுடி வைத்தாலும் பச்சை முகம் அவனைக் காட்டிவிடும். கண்ணனுக்கு நீலம் இருக்கிறது, விசுவாமித்திரருக்குச் சடையும் தாடியும். அரிச்சந்திரனோ மனிதன். அவனை அரசனென்று சொல்பவை கிரீடமும் சரிகை உடுப்பும்தான். சுடலையில் இரண்டும் போய்விட, முகம் மட்டும் மிஞ்சுகிறது.

மயானத்துக்கென்று வேறு தலை செதுக்கிச் சோக முகம் எழுதலாம்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லாம் போனபிறகும் ஆள் மாறவில்லை என்பதுதானே கதை.

ஆகவே முழுப் பாரமும் புருவத்திலும் மீசையிலும். தூரத்தில் இருப்பவருக்கு இந்த இரண்டு கோடும்தான் தெரியும். அரசனின் புருவம் மூக்கின் மேலடியில் தடித்துக் காதோரப் பொட்டுவரை மெலிந்து ஏறவேண்டும், மீசை நுனியும் மேலே போகவேண்டும். மந்திரி சத்தியகீர்த்திக்கு நான் நேர்ப்புருவமும் படிந்த மீசையும் எழுதித் தலைப்பாகை வைத்தேன். தலைப்பாகையை எடுத்தாலும் இருவரும் குழம்பமாட்டார்கள். கவனிக்கவேண்டியது கிரீடத்தின் நிழல். பல்ப் மேலிருந்து எரிவதால் கிரீட விளிம்பின் நிழல் நெற்றியில் விழுந்து புருவத்தை விழுங்கும். விளிம்புக்கும் புருவத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டுத்தான் கோட்டை இழுக்கவேண்டும். முகத்துக்கு வார்னிஷ் பூசவே கூடாது. வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் கோடு முழுதும் அழிந்ததுபோல் தெரியும்.

கிரீடத்தைக் கழற்றுவதும் இலேசில்லை. தலைக்கயிறு காதுக்கு மேலிருந்து எழுவதால் கிரீடத்தின் பக்க இதழில் உரசி, தலை திரும்பும்போதெல்லாம் கிரீடத்தைத் தூக்கிவிடும். விளிம்பின் இரு பக்கமும் பின்னோக்கித் திறந்த பிளவு வெட்டினேன். இப்போது முன்பக்கமிருந்து செருகினால் கயிறு பிளவுக்குள் உட்கார்ந்துகொள்கிறது, அவிழ்த்துக் கட்டத் தேவையில்லை.

சுடலை உடுப்புக்கு மருதமுனைக் கைத்தறி எடுத்தேன். பழைய சாரமாக இருந்தால் இன்னும் நல்லது, உடலோடு ஒட்டி விழும். இங்குள்ள வடமோடிக் கூத்தில் அரசர்கள் உடுத்தும், வளையம் வைத்த கரப்புடுப்பைப் பொம்மைக்குப் போட்டுப்பார்க்கவும் ஆசை இருக்கிறது. அகன்ற வளையம் கைக்கம்பியில் முட்டும் என்பதால் கம்பியை முதலில் நீட்டவேண்டும்.

அதற்குமுன் சந்திரமதி. அவள் தாலி கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் என்கிறது கதை. அதைக் கழுத்தில் தொங்கவிடுவதா, சீலைத் தலைப்புக்குள் மறைத்து அந்த வசனத்தில் கயிற்றால் வெளியே இழுப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. மறைப்பதென்றால் கழுத்துக்கு இன்னொரு கயிறு வேண்டும், வளையத்திலோ இடமில்லை.