சுனைக்கு ஒரு கிலோமீட்டர்

பாறை இடுக்கில் சொட்டுச் சொட்டாக ஊறும் அந்தச் சுனையைக் கண்டுபிடித்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் எங்கள் பின்னால் வருகிற மூன்று பேருக்கு அந்த வழியில் வேறு தண்ணீர் கிடையாது. முகட்டில் ஏறினால் குறுஞ்செய்தி அனுப்ப முடியும். ஆனால் அவர்கள் கையில் இருந்த கருவி அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டுமே வாங்கும். எங்களிடம் இருந்ததோ, இடத்தைப் பாகையில் அல்லாமல் கிலோமீட்டரில் குறிக்கும் யுடிஎம் கட்டங்கள் அச்சிட்ட 1:50,000 காகித வரைபடம்.

கட்ட எண்ணைப் படிப்பது சிரமமில்லை. முதலில் வலப்பக்கம், பிறகு மேலே. ஓரத்தில் 74 என்று பெரிதாகவும் அதற்கு முன்னால் பொடியாக 7 என்றும் போட்டிருந்தால், அந்தக் கோடு 774 கிலோமீட்டர். கட்டத்தின் ஒரு பக்கம் 2 செ.மீ., அதாவது தரையில் 1 கி.மீ. சுனை அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் 6 மி.மீ. தள்ளி இருந்தது. எனவே கிழக்கெண் 774.3. கிடைக்கோடு 1128, அதற்கு மேலே 12 மி.மீ., ஆக வடக்கெண் 1128.6. அந்தப் பொடி எண்களை விட்டுவிட்டால் ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் அதே எண் திரும்ப வரும். ஆகவே முழுசாக எழுதிக்கொண்டேன்: 774300, 1128600, மண்டலம் 43, வடக்கு.

பிறகு கையாலேயே கணக்குப் போட்டேன். யுடிஎம்மில் ஒவ்வொரு மண்டலமும் 6 பாகை அகலம். அதன் நடுக்கோட்டுக்கு 500 கி.மீ. என்று எண் கொடுத்திருப்பார்கள். 43-ஆம் மண்டலத்தின் நடுக்கோடு கிழக்கு 75 பாகை. 774.3-இல் 500 போனால் 274.3. நடுக்கோட்டில் வரைபடத் தூரம் 0.9996 மடங்காகச் சுருக்கப்பட்டிருப்பதால் அதை 0.9996-ஆல் வகுத்தால் 274.41. அங்கே தீர்க்கரேகையில் ஒரு பாகை சுமார் 109.6 கி.மீ., ஆக 2.5037. சுனை 77.5037 கிழக்கு. வடக்கெண்ணையும் அப்படியே வகுத்தேன்: 1129.05 கி.மீ. நிலநடுக்கோட்டிலிருந்து அதுவரை பாகைக்குச் சராசரி 110.59 கி.மீ. என்று வைத்தால் 10.2093 வடக்கு.

அனுப்புவதற்கு முன்னால் ஏதோ உறுத்தியது. டார்ச் வெளிச்சத்தில் வரைபடத்தின் மூலைகளைப் பார்த்தேன். இடது விளிம்பு சரியாக 77° 30', மேல் விளிம்பு 10° 15'. அளவுகோலை வைத்தேன். இடது விளிம்பிலிருந்து சுனை 8 மி.மீ., அதாவது 400 மீட்டர், பாகையில் 0.0036. தீர்க்கரேகை பொருந்திவிட்டது. மேல் விளிம்பிலிருந்து 11 செ.மீ., 5.5 கி.மீ., பாகையில் 0.0497. 10.25-இலிருந்து கழித்தால் 10.2003. நான் போட்டதோ 10.2093. வித்தியாசம் ஒரு கிலோமீட்டர்! காகிதத்தில் 2 செ.மீ. மேலே, ஓடைக்கு அப்பால் எதிர்ச்சரிவில் போய் விழுகிறது. இருட்டும் நேரத்தில் தாகத்தோடு வருகிறவர்களுக்கு அது சின்னத் தவறு இல்லை.

எங்கே பிசகியது என்பது வரைபடத்தைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோது தெரிந்தது. செங்குத்துக் கட்டக்கோடுகள் இடது விளிம்புக்கு இணையாக இல்லை. கீழிருந்து மேலே போகப் போக வலப்பக்கம் சாய்ந்து, தாளின் முழு உயரத்தில் 4 மி.மீ. விலகியிருந்தன. விளிம்புதான் உண்மையான தீர்க்கரேகை, கட்டக்கோடு வெறும் சதுர வலை. நடுக்கோட்டில் மட்டும் இரண்டும் ஒன்றாக இருக்கும். அதைவிட்டு விலக விலக, அட்சரேகை வலையின் மேல் வில்லாக வளைந்து வடக்கே ஏறும்; கிடைக்கோடோ நேராகவே போகும். ஆகவே அதே வடக்கெண்ணில் கிழக்கே 274 கி.மீ. வந்தால் அட்சரேகை குறைந்துவிடும். நான் வடக்கெண்ணை மட்டும் வகுத்தபோது நடுக்கோட்டின் மேல் நிற்பதாக நினைத்துவிட்டேன். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் இந்தப் பிழை கண்ணிலேயே பட்டிருக்காது.

அளவுகோல் சொன்ன எண்ணைத்தான் அனுப்பினேன். தாள் மடிப்பில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் 25 மீட்டர்தான். ஊற்றுச் சத்தம் கேட்கிற தூரம் அது.

வீட்டுக்கு வந்ததும் கணினியில், இப்படிப்பட்ட எண்களை மாற்றித்தரும் cs2cs என்ற நிரலால் சரிபார்த்தேன்:

```
echo 774300 1128600 | cs2cs -f "%.4f" EPSG:32643 EPSG:4326
```

வந்தது 10.2001, 77.5036. முதல் குறியீட்டில் 326 என்பது வட அரைக்கோளம், கடைசி இரண்டு இலக்கம் மண்டலம். தெற்கு என்றால் 327. இங்கே 44 என்று தட்டிவிட்டால் அட்சரேகை மாறாது, தீர்க்கரேகை மட்டும் சரியாக 6 பாகை கிழக்கே தள்ளிப்போய்க் கடலில் விழும். அதனால் அந்தத் தவறு உடனே தெரிந்துவிடும். டேட்டம், அதாவது வரைபடம் எந்தப் பூமி மாதிரியை வைத்து அளக்கப்பட்டது என்பது, தவறினால் அப்படித் தெரியாது. என் தாளின் ஓரத்தில் டபிள்யூஜிஎஸ் 84 என்று இருந்தது. பழைய தாளில் வேறு பெயர் இருந்து அதைக் கவனிக்காமல் இதே கட்டளையைக் கொடுத்தால், சில நூறு மீட்டர் தள்ளி, பார்ப்பதற்கு எந்தக் குறையும் இல்லாத ஒரு விடை வரும்.

பின்னால் வந்தவர்கள் மறுநாள் மாலை சுனையருகே நின்று கருவியைப் பார்த்திருக்கிறார்கள். நான் அனுப்பிய புள்ளி முப்பது அடி தள்ளிக் காட்டியதாம்.