விரிசல் சுவர்: கள நாட்குறிப்பு

மே 4

ஒற்றை மாடிச் செங்கல் வீடு. தெற்குச் சுவரில், ஜன்னலின் மேல் மூலையில் தொடங்கும் விரிசல் சாந்து இணைப்புகளின் வழியே படிப்படியாக ஏறி, சுவர்க்கோடியில் கான்கிரீட் கூரைத் தளத்தின் அடியைத் தொடுகிறது. கீழே 0.3 மி.மீ., மேலே 3 மி.மீ. தளத்துக்கு அடியில் கிடைமட்டமாக இன்னொரு விரிசல் ஓடுகிறது.

வீட்டுக்காரர், "போன வருஷம் பக்கத்து மனையில பள்ளம் தோண்டினாங்க சார், அஸ்திவாரம் இறங்கிடுச்சு" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன்.

மே 5

நேற்றைய குறிப்பைப் படித்தபோது நெஞ்சு சுருக்கென்றது. அறிக்கையின் 'கண்டவை' பக்கத்தில் "இறக்க விரிசல்" என்று எழுதியிருக்கிறேன். இறங்கியதை நான் பார்க்கவில்லையே! அது அவர் சொன்ன காரணம், என் பேனா வழியாக வந்துவிட்டது. அடித்துவிட்டு "சாய்வான படிவிரிசல், மேலே அகலம்" என்று மாற்றினேன். அவர் பேச்சுக்கு 'உரிமையாளர் கூற்று' என்று தனிப்பகுதி.

மேலே அகலமாக இருப்பதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. சுவர்க்கோடி கீழே இறங்கினாலும் அப்படித்தான் திறக்கும். வெயிலில் நீளும் தளம் சுவர்த்தலையை வெளியே தள்ளினாலும் அப்படித்தான்.

மே 7

விரிசலின் இருபுறமும் எஃகு ஊசிகளை ஒட்டி, இடைவெளியை காலிப்பரால் அளந்தேன். காலை 7 மணிக்கு 101.20, பிற்பகல் 3 மணிக்கு 101.65 மி.மீ. கண்ணாடித் துண்டு ஒட்டியிருந்தால் உடைந்தது மட்டும் தெரிந்திருக்கும். எவ்வளவு, எப்போது என்பது தெரிந்திருக்காது.

தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் பிடித்து மட்டம் பார்த்ததில் அடிவரிசைச் செங்கல் சுவர் நெடுக 2 மி.மீ.க்குள் சமமாக இருந்தது. விரிசலுக்கு இருபக்கமும் வரிசைகள் ஒரே உயரம். பூச்சைத் தட்டி எடுத்தபோது விரிசலுக்குள் 1 செ.மீ. ஆழம் வரை பச்சைப் பெயின்ட் வழிந்து காய்ந்திருந்தது. சுவரின் இப்போதைய நிறமும் பச்சைதான். அந்தப் பெயின்ட் அடித்து நான்கு வருடம் என்கிறார் வீட்டுக்காரர்.

மே 9

'கருத்து' பகுதியை இன்றுதான் தொட்டேன். கான்கிரீட் ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 0.01 மி.மீ. நீளும். 9 மீட்டர் தளத்தில் பாதி நீளம் ஒரு கோடியைத் தள்ளுகிறது. 15 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.7 மி.மீ. சுவர் கொஞ்சம் தடுக்கும் என்பதால் நான் அளந்த 0.45 அதற்குள் பொருந்துகிறது. அஸ்திவார இறக்கம் ஒரே பகலுக்குள் இப்படித் திறக்காது.

எழுதியது இவ்வளவுதான்: முதன்மைக் காரணம் தளத்தின் வெப்ப விரிவு. இதற்கு ஆதாரம் இடைவெளி மாற்றமும் வரிசை மட்டமும் கிடைமட்ட விரிசலும். பள்ளத்துக்கு முன்பே விரிசல் இருந்தது என்ற கருத்து பெயின்டைப் பார்த்ததிலும், அடித்த வருடம் பற்றிய அவர் கூற்றிலும் நிற்கிறது. கூற்று தவறினால் அந்தக் கருத்தும் போகும். அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்தேன்.

ஜூன் 8

காலை 7 மணி: 101.21. "அப்ப பக்கத்து மனைக்காரங்க மேல தப்பில்லையா சார்?" என்று கேட்டார். யார் மேல் தப்பு என்பது அறிக்கையில் இல்லை. சுவர் காட்டியது மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது, நான் நினைப்பது ஆறாம் பக்கத்தில் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன்.