மூன்றாவது தடவையில் கையெழுத்தான ஆய்வுப்பட முன்மொழிவு

என் முன்மொழிவு இரண்டு முறை திரும்பி வந்தது. அந்த வருத்தம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

படம் இரவுக் காவலாளிகளைப் பற்றிய 15 நிமிட ஆவணப்படம். “இரவுக் காவலாளிகளின் வாழ்க்கை எப்படி இருக்கிறது?” என்பதையே ஆய்வுக் கேள்வியாக எழுதியிருந்தேன். “இதற்குப் பத்துப் பேரிடம் பேசிக் கட்டுரை எழுதினாலே போதுமே, படம் எதற்கு?” என்று நெறியாளர் கேட்டார். அன்று கோபம்தான் வந்தது. ஆனால் நான் எழுதியது வெறும் தலைப்பு, கேள்வியே இல்லை.

அப்புறம் ஒரு காவலாளியோடு பேசிக்கொண்டிருந்தபோது, “ராத்திரியில கண்ணை விடக் காதுதாங்க வேலை பார்க்கும்” என்றார். அங்கேதான் கேள்வி பிறந்தது: பார்க்க ஒன்றும் இல்லாத நேரத்தில், காவலாளி ஒலியை வைத்து நேரத்தையும் ஆபத்தையும் எப்படி அறிகிறார்? இதற்கான பதிலைப் பார்வையாளரும் காதால் கேட்டாக வேண்டும். ஆய்வு முறையும் கேள்வியிலிருந்தே வந்தது. இரவின் ஒலிகளைப் பதிவுசெய்து, மறுநாள் அவருக்கே போட்டுக்காட்டி, எந்தச் சத்தத்தை எப்படி அடையாளம் காண்கிறார் என்று சொல்ல வைப்பது.

இரண்டாவது முறை கேள்வி தப்பித்தது, தயாரிப்புத் திட்டம் மாட்டிக்கொண்டது. அதை மட்டும் பழைய வரைவிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன். கருவிப் பட்டியலில் ஒரு கேமரா, ஒரு காலர் மைக், அவ்வளவுதான். சட்டையில் குத்தும் மைக் பெரும்பாலும் பேசுபவரின் குரலையும் துணி உரசலையும்தான் பிடிக்கும். தூரத்துக் கேட் சத்தத்தை அதை வைத்து எப்படிப் பதிவுசெய்வாய் என்று முன்மொழிவைப் பரிசீலிக்கும் குழு கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. மூன்று காவலாளிகள், ஆளுக்கு நான்கு இரவு, இரவுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 24 மணி நேரப் பதிவு. படத்தொகுப்புக்கு நான் ஒதுக்கியிருந்தது ஒரே வாரம். அதைக் கேட்டுப் பார்க்கவே மூன்று முழு வேலைநாள் போய்விடும்.

திருத்தியதில் இரண்டு பேர், ஆளுக்கு மூன்று இரவு என்று குறைத்தேன். தனி ஒலிப்பதிவுக் கருவியும் ஸ்டீரியோ மைக்கும் சேர்த்தேன். கேமரா கடைசி இரவு மட்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கு மணி நேரமாவது ஆகும் என்று கணக்கு வைத்து, போட்டுக்காட்டும் அமர்வுகளை மட்டும் எழுத்தாக்குவதாகச் சொன்னேன்.

ஒன்றை மட்டும் முதல் நாளே செய்துவிடுங்கள்: அனுமதி. காவலாளியின் ஒப்புதல் படிவம் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். கட்டட நிர்வாகத்துக்குத் தெரியாமல் எடுத்தால் அவர் வேலைக்கே ஆபத்து என்று நெறிமுறைக் குழு சொன்னது. காவலாளியின் படிவமும் நிர்வாகத்தின் அனுமதிக் கடிதமும் வந்து, நெறிமுறைக் குழு ஒப்புதல் தர ஐந்து வாரம் ஆனது. என் அட்டவணையிலோ இரண்டாவது வாரமே படப்பிடிப்பு!

மூன்றாவது முறை குழு ஒன்றே ஒன்றுதான் கேட்டது: “மழை பெய்தால்?” மாற்று இரவுகள் இரண்டை அட்டவணையில் காட்டினேன். கையெழுத்துப் போட்டார்கள்.