கல்வியாண்டின் நடுவே ஒரு வீட்டு டியூஷனை நிறுத்தியபோது

தஞ்சாவூரில் வீடு வீடாகச் சென்று மேல்நிலை வகுப்புக் கணிதம் சொல்லிக்கொடுத்து வந்த எனக்கு, சென்ற ஆகஸ்டு இறுதியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் முதுகலை ஆசிரியர் பணி உறுதியானது. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் சேர வேண்டும் என்றார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஆசிரியர் எவரும் தனிப்பயிற்சியில் ஈடுபடக் கூடாது என்கிறது. பள்ளி நிர்வாகமும் பணியில் சேருமுன் அதையே எழுதிக் கையெழுத்துக் கேட்டது. ஆகவே டியூஷனை விடுவதா வேண்டாமா என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை. எப்படி விடுவது என்பதுதான் கேள்வியாக இருந்தது. அதிலும் ஒரு வீட்டை நினைத்தபோதுதான் கவலையாக இருந்தது.

அந்த வீட்டுப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள்; ஒன்பதாம் வகுப்பிலிருந்து என்னிடம்தான் கணிதம். அவளுடைய தம்பி எட்டாம் வகுப்பில் இருக்கிறான், அடுத்த ஆண்டு அவனும் என்னிடம் வருவான் என்பது பேசாமலே முடிவாகியிருந்த விஷயம். நான் போகும் மற்ற இரண்டு வீடுகளும் அவர்கள் சொல்லிக் கிடைத்தவை. பாட்டி எனக்கென்று சர்க்கரை குறைத்துக் காபி தனியாகக் கலந்து வைப்பார். இப்படிப்பட்ட வீட்டில், பொதுத்தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது, 'இனி வர முடியாது' என்று சொல்லியாக வேண்டும்.

முதலில் நாளை முடிவு செய்தேன். பள்ளியில் சேரும் நாளுக்கு முந்தைய நாள்வரை போய்க்கொண்டிருக்க எனக்கு முடியும்தான். ஆனால் ஒரு பாடத்தின் நடுவே விட்டுவிட்டு வந்தால், அடுத்து வருபவர் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திணறுவார். அந்தத் திணறலின் பழி, நியாயமாகவோ அநியாயமாகவோ, விட்டுப் போனவர் மேல்தான் விழும். பிளஸ் டூ கணிதப் புத்தகம் இரண்டு தொகுதிகள். முதல் தொகுதியில் அணிகள் தொடங்கி வெக்டர் இயற்கணிதம் வரை ஆறு பாடங்கள். அவை காலாண்டுத் தேர்வோடு முடிந்துவிடும். வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகளில் தொடங்கும் இரண்டாம் தொகுதியை நான் தொடவே கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன். காலாண்டு விடைத்தாள் கைக்கு வந்து, அதை அவளோடு உட்கார்ந்து பார்த்து முடிக்கும் நாளே கடைசி நாள்.

யாரிடம் முதலில் சொல்வது என்பது அடுத்த யோசனை. வகுப்பில் பேச்சோடு பேச்சாக அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தால், அன்றிரவு அது அவள் வாய்வழியாக, அவளுடைய பயத்தோடு சேர்ந்து, பெற்றோரைப் போய்ச் சேர்ந்திருக்கும். தொலைபேசியில் சொல்வதும் சரியாகப் படவில்லை. வகுப்பு இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அம்மாவும் அப்பாவும் இருக்கும் நேரம் கேட்டுக்கொண்டு நேரில் போனேன். என் பேச்சு எளிமையாகவே இருந்தது: வேலை கிடைத்திருக்கிறது, சேர்ந்த பின் டியூஷன் எடுக்க அனுமதி இல்லை, செப்டம்பர் கடைசியோடு முடித்துக்கொள்கிறேன், அதற்குள் முதல் தொகுதியை முழுதாக முடித்துத் தருகிறேன். முன்னுரையாக எதையும் நீட்டவில்லை. வேலை கிடைத்த செய்தியைக் கேட்டுப் பாட்டி சந்தோஷப்பட்டதும், அடுத்த வாக்கியத்தில் அம்மாவின் முகம் மாறியதும் ஒரே நிமிடத்தில் நடந்தன.

அப்பா உடனே வழி தேடத் தொடங்கினார். அவருடைய வாதம் லேசானது அல்ல. உதவி பெறும் பள்ளியில் சேர்ந்தாலும், கல்வித் துறையிடமிருந்து நியமன ஒப்புதல் வந்த பிறகுதான் அரசுச் சம்பளம் வரும், அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இது அவருக்குத் தெரிந்திருந்தது. "அதுவரைக்கும் டியூஷன்தானே மிஸ் கை கொடுக்கும்? ராத்திரி எட்டு மணிக்கு மேல வாங்க, யாருக்குத் தெரியப்போகுது? இந்தச் சட்டமெல்லாம் யார் பார்க்கறாங்க?" என்றார்.

இந்த இடத்தில் சட்டத்தையும் நேர்மையையும் பற்றிப் பேசத் தொடங்கினால், அவர் ஏதோ தவறான காரியத்துக்கு என்னை அழைக்கிறார் என்று அவர் வீட்டிலேயே உட்கார்ந்து சொன்னதாக ஆகிவிடும். அவர் கேட்டது மகளுக்காக. அதனால் என் பக்கத்து நிலவரத்தை மட்டும் சொன்னேன்: "ஒப்புதல் வராத நேரத்துலதான் சார் பயம் அதிகம். யாராவது ஒருத்தர் ஒரு புகார் எழுதிப் போட்டாலும் என் ஃபைல் அங்கேயே நின்னுடும்." அவர் மேலே வற்புறுத்தவில்லை. ஒருவரின் பிழைப்பு சம்பந்தப்பட்டது என்று புரிந்துவிட்டால் நம் ஊரில் யாரும் அதற்கு மேல் போக மாட்டார்கள்.

அம்மாவின் யோசனைக்குப் பதில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. "காசு வாங்காம, நம்ம வீட்டுப் பொண்ணுன்னு நினைச்சு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் வந்து பாருங்களேன்" என்றார். கேட்க அன்பாக இருக்கும் இந்த ஏற்பாடுதான் உறவைக் கெடுக்கும் என்பது என் அபிப்பிராயம். கூலி இல்லாத வேலைக்கு நேரமும் அளவும் கிடையாது. நான் ஒரு வாரம் போகாவிட்டால் அவர்களால் கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. புதிதாக வருபவரும், வாரா வாரம் பழைய ஆசிரியர் வந்து தன் பாடத்தைச் சரிபார்க்கிறார் என்று தெரிந்தால் அங்கே நிலைக்க மாட்டார். "அக்கா, அரைகுறையா வந்தா அவளுக்கு ரெண்டு பேரும் இல்லாத மாதிரி ஆயிடும். முழுப் பொறுப்பும் ஒருத்தர்கிட்டயே இருக்கட்டும்" என்றேன். அவர் ஒப்புக்கொண்டாலும் மனம் ஆறவில்லை. சிறிது நேரம் கழித்துத்தான் உண்மையான வருத்தம் வெளியே வந்தது: "அப்ப தம்பியும் உங்ககிட்ட படிக்க முடியாது." அதற்கு ஆறுதல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் வகுப்பில், அம்மாவும் உடன் இருக்கும்போது, மாணவியிடம் அதே காரணத்தை அதே சொற்களில் சொன்னேன். மற்ற இரண்டு வீடுகளுக்கும் அந்த வாரத்துக்குள்ளேயே சொல்லி முடித்தேன். மூன்று வீட்டிலும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். ஒரு வீட்டில் வேலை என்றும் இன்னொரு வீட்டில் உடம்பு சரியில்லை என்றும் சொல்லியிருந்தால், இரண்டுமே பொய்யாகத் தோன்றியிருக்கும்.

அடுத்த ஆசிரியரைத் தேடிக் கொடுப்பது என் கடமையா என்று கேட்டால், கடமை இல்லை. ஆனால் ஆண்டின் நடுவே கைவிட்டுப் போகிறவர் அதைச் செய்யாமல் இருப்பது அழகல்ல. பணி ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவரிடமும், கல்லூரியில் முதுநிலை முடித்து டியூஷன் எடுக்கும் ஒருவரிடமும் இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு, இரண்டு எண்களையும் அம்மாவிடம் கொடுத்தேன். கட்டணம் பற்றி எந்தப் பக்கத்துக்காகவும் நான் பேசவில்லை. ஓய்வு பெற்றவர் என்னைவிட ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்டார், மாணவிதான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். அவர்கள் யோசித்து அவரையே முடிவு செய்தார்கள். இடையில் நின்று பேரம் பேசியிருந்தால், பின்னால் எது பொருந்தாமல் போனாலும் அது என் தலையில் வந்திருக்கும்.

அவருக்காக ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒப்படைப்புக் குறிப்பு எழுதினேன். 'நன்றாகப் படிப்பாள், கவனம் தேவை' என்ற மாதிரி பொதுவாக எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. பாடவாரியாக, எங்கே தடுக்குகிறாள் என்று கணக்கோடு எழுதினேன். நேர்மாறு முக்கோணவியலில் முதன்மை மதிப்பின் எல்லையைப் பார்க்காமல் sin⁻¹(sin 5π/6) என்றதும் 5π/6 என்று எழுதிவிடுவாள். π/6 என்று சொன்னால் உடனே காரணம் சொல்லத் தெரியும், ஆனால் தேர்வில் தானாக நிதானிப்பதில்லை. வெக்டரில் இரண்டு கோடுகளுக்கு இடையிலான மிகக் குறைந்த தூரம் கேட்டால், அவை இணைகோடுகளா என்று முதலில் சோதிக்காமல் ஒரு தளம் அமையாக் கோடுகளுக்கான சூத்திரத்தைப் போடுவாள்; குறுக்குப் பெருக்கம் பூஜ்ஜியமாக வந்த பிறகுதான் விழிப்பாள். வினாத்தாளில் 30-ஆம், 40-ஆம் வினாக்கள் கட்டாயம் என்பதை மறந்து, தெரிந்த ஏழு வினாக்களை எழுதிவிட்டு நகரும் பழக்கமும் உண்டு. காலாண்டில் அப்படித்தான் மூன்று மதிப்பெண் போயிற்று. இந்த நோட்டை அவரிடம் கொடுக்குமுன் மாணவியிடம் படிக்கக் கொடுத்தேன். தன்னைப் பற்றித் தனக்குத் தெரியாமல் இருவர் பேசிக்கொண்டார்கள் என்று அவளுக்குத் தோன்றக் கூடாது. வெக்டர் பற்றிய வரியைப் படித்துவிட்டு, "இதை அடிச்சிடுங்க மிஸ், இப்ப நான் செக் பண்றேன்" என்றாள். அடிக்கவில்லை, 'செப்டம்பரில் திருந்தியிருக்கிறது' என்று பக்கத்தில் சேர்த்தேன்.

பணக் கணக்கு ஒன்று மீதி இருந்தது. மாதம் 4,000 ரூபாய் வீதம், ஜூன் முதல் அக்டோபர் வரை ஐந்து மாதத்துக்கு 20,000 ரூபாயை அவர்கள் ஜூனிலேயே மொத்தமாகக் கொடுத்திருந்தார்கள். அக்டோபருக்கான 4,000 திரும்ப வேண்டும். திருப்பித் தருகிறேன் என்று வாயால் சொன்னால் 'இருக்கட்டும் மிஸ்' என்ற பதில்தான் வரும், பிறகு இருவருக்கும் சங்கடம். அதனால் கடைசி வகுப்புக்கு இரண்டு நாள் முன்பே அப்பாவின் கணக்குக்கு அனுப்பிவிட்டு, எந்த மாதத்துக்கான தொகை என்று ஒரு வரியில் செய்தியும் போட்டேன். கடைசி நாளில் பாட்டி தாம்பூலத்தோடு ஒரு புடவை கொடுத்தார். அதை மறுக்கவில்லை. பணத்தை மறுத்தால் கணக்கு நேராகும். தாம்பூலத்தை மறுத்தால் மனம்தான் புண்படும்.

அரையாண்டுத் தேர்வு வரை கணக்குச் சந்தேகம் எதையும் எனக்கு அனுப்ப வேண்டாம், புதிய சாரிடமே கேள் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். முதல் வாரங்களில் அவர் முறையையும் என் முறையையும் அவள் ஒப்பிடுவாள் என்பது தெரிந்ததுதான். ஓரிரு முறை வாட்ஸாப்பில் கணக்கின் படம் வந்தபோது, "சார் கிட்ட காட்டு" என்று மட்டும் பதில் போட்டேன். அக்டோபர் இறுதியில் அம்மா அழைத்து, சார் வேகமாகப் போகிறார், பெண்ணுக்குப் பிடிபடவில்லை என்றார். அவரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ நான் எதுவும் சொல்லவில்லை. எந்தப் பயிற்சியில் பிடிபடவில்லை என்று குறித்துக்கொண்டு போய் அவரிடமே நேரில் கேளுங்கள் என்றேன். அவர்கள் கேட்டிருக்கிறார்கள், தொகை நுண்கணிதத்துக்கு முன் ஒரு வாரம் பதினோராம் வகுப்புத் தொகையிடலைத் திரும்ப நடத்தினாராம்.

டிசம்பரில் அம்மா மீண்டும் அழைத்தார். தம்பியை அடுத்த ஜூனிலிருந்து அந்தச் சாரிடமே சேர்க்கலாமா, ஒன்பதாம் வகுப்புக்கு அவர் எடுப்பாரா என்று கேட்டார். பிளஸ் டூ பிள்ளைகளுக்குத்தான் அவர் பொருத்தம், ஒன்பதாம் வகுப்புக்கு நிதானமாகச் சொல்லித் தருகிறவர் வேண்டும் என்று சொல்லி, வேறொருவர் பெயரைத் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.